அன்றைக்கே திரும்பத் திறப்பீர்களா? வகுப்புக் குறிப்புக்கு எந்த முறை பொருந்தும்

என் அண்ணன் மகள் இந்த வருடம் புவியியல் முதலாண்டு சேர்ந்திருக்கிறாள். தாம்பரத்திலிருந்து எழும்பூர் வரை மின்சார ரயில், அங்கிருந்து பஸ். கல்லூரி திறந்த சில வாரங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று நோட்டுகளோடு என் வீட்டுக்கு வந்தாள். மூன்றிலும் ஒரே வகுப்பு: வடகிழக்குப் பருவமழை. ஒன்று அவளுடையது, மற்ற இரண்டும் தோழிகளுடையவை. ஒருத்தி ஆசிரியர் சொன்னதையெல்லாம் வரிவரியாக எழுதியிருந்தாள். இன்னொருத்தி தலைப்பு, உள்தலைப்பு என்று படிப்படியாக உள்ளே தள்ளி எழுதியிருந்தாள். இவள் பக்கத்தை இரண்டாகப் பிரித்துக் கோடு போட்டிருந்தாள். இடது பக்கம் முழுக்கக் காலி.

"அத்தை, இதுல எதை வெச்சுக்கறது?" என்றாள்.

"சரி, எழுதினதை மறுபடி எப்ப திறப்ப?" என்று கேட்டேன்.

அவளுக்கு அந்தக் கேள்வியே புதிதாக இருந்தது. பரீட்சைக்கு முன்னால்தானே திறப்பார்கள் என்றாள். முறைகளை ஒப்பிட ஆரம்பிக்க வேண்டிய இடம் இதுதான். அன்றைக்கே திறக்கிறவருக்கு ஒரு நோட்டு பொருந்தும், மூன்று மாதம் கழித்துத் திறக்கிறவருக்கு வேறொன்று பொருந்தும். இதை முடிவு செய்யாமல் எது அழகாக இருக்கிறது என்று பார்த்து எடுத்தால், எடுத்த முறை இரண்டு வாரம் கூடத் தாங்காது.

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. நான் சுருக்கெழுத்து படித்து ஸ்டெனோவாக வேலை பார்த்தவள். மயிலாப்பூரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பிட்மன் முறையில் ஜூனியர், சீனியர் இரண்டும் தேறினேன். சீனியர் தேர்வுக்கு நிமிடத்துக்கு 120 சொல் வேகம் வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே மாலைக் கல்லூரியில் பட்டப்படிப்பு சேர்ந்தபோது, கையில் இந்த வித்தை இருக்கையில் குறிப்பு எடுப்பதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். முதல் மாதம் எல்லா வகுப்பையும் சொல் விடாமல் சுருக்கெழுத்தில் எடுத்தேன்.

அது எப்படி முடிந்தது என்பதைச் சொன்னால், 'எல்லாவற்றையும் எழுதிவிடுவது' என்ற முறையின் கணக்கு தெளிவாகிவிடும். பிட்மனில் ஒலிக்குத்தான் கோடு. ஆங்கிலத்தில் பென், பெஞ்சு இரண்டின் முதல் ஒலிக்கும் ஒரே கோடுதான். முன்னதற்கு மெல்லியது, பின்னதற்கு அழுத்தமானது. வேகமாக எழுதும்போது உயிரொலிக் குறிகளைப் பெரும்பாலும் விட்டுவிடுவோம். அதனால் சுருக்கெழுத்தை அது காதில் இருக்கும்போதே விரித்து எழுதிவிட வேண்டும். எங்கள் இன்ஸ்டிடியூட் சார் டிக்டேஷன் கொடுத்த கையோடு டிரான்ஸ்கிரிப்ஷன் கேட்பார், மறுநாளைக்கு விடவே மாட்டார். ஏழு நிமிட டிக்டேஷனை விரித்து எழுத எனக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு வகுப்பு 50 நிமிடம். அதை விரிக்க எத்தனை மணி நேரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வகுப்பைக்கூட நான் முழுதாக விரிக்கவில்லை. மாதக் கடைசியில் எடுத்துப் பார்த்தபோது பாதிக் கோடுகளை என்னாலேயே படிக்க முடியவில்லை. அதைவிடப் பெரிய நஷ்டம், கை ஓடிக்கொண்டே இருந்ததால் அந்த வகுப்புகளை நான் கேட்கவே இல்லை.

சாதாரணக் கையெழுத்தில் இதையே செய்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். ஆசிரியர் நிறுத்தி நிதானமாக நிமிடத்துக்கு 80 சொல் பேசினாலும் 50 நிமிடத்தில் 4000 சொல் ஆகிறது. தமிழில் வேகமாக எழுதுகிறவர்கூட நிமிடத்துக்கு 20 சொல் தாண்டுவது கஷ்டம். ஆகவே நாலில் மூன்று பங்கு விட்டுத்தான் போகும். எது விட்டுப்போவது என்பதை எழுதுகிறவர் தீர்மானிப்பதில்லை. கை எங்கே பின்தங்கியதோ அங்கே விட்டுப்போகும். தோழியின் நோட்டில் அது நன்றாகத் தெரிந்தது. முதல் பத்து நிமிடம் முழு வாக்கியங்கள், நடுவில் அரை வாக்கியங்கள், கடைசிப் பக்கத்தில் புள்ளி புள்ளியாக மூன்று வரி. வகுப்பின் முக்கியமான விஷயம் இருந்ததோ அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தில்தான்.

வரிவரியாக எழுதுவதற்கும் ஓர் இடம் உண்டு. கணக்கு வகுப்பில் ஆசிரியர் போர்டில் ஒரு நிரூபணத்தைப் போட்டால் அதைப் படி விடாமல் அப்படியே இறக்க வேண்டும். வரையறை, சட்டப் பிரிவின் வாசகம், செய்யுள் இவையும் அப்படித்தான். மற்ற இடங்களில் இந்த முறையை நான் யாருக்கும் சொல்வதில்லை.

மிச்சம் இரண்டு: படிவரிசையும் இரண்டு பத்தி முறையும். இரண்டையும் ஒரே பேச்சில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும். அன்றைக்கு ஆசிரியர் சொன்னதை மூன்று நோட்டையும் சேர்த்துவைத்துத் திரும்ப எழுதினால் ஏறக்குறைய இப்படி வரும்:

"ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவக்காற்று. அது மேற்குத் தொடர்ச்சி மலையில மோதி அந்தப் பக்கமே கொட்டிடுது. நாம இந்தப் பக்கம், மழைமறைவுப் பகுதி. அதனால நமக்குக் குறைச்சல்தான். ஆனா சுத்தமா பெய்யாதுன்னு எழுதிடாதீங்க, சாயங்காலத்துல இடிமழை வரும். செப்டம்பருக்கு அப்புறம் நிலம் சீக்கிரம் குளிரும், கடல் மெதுவாத்தான் குளிரும். நிலத்துமேல அழுத்தம் கூடும். காற்று நிலத்துலேர்ந்து கடலுக்குத் திரும்பும். வங்கக் கடல்மேல வர்றப்ப ஈரத்தை எடுத்துக்கிட்டு நம்ம கரையில ஏறுது. சென்னைக்கு வருஷத்துல ஏறக்குறைய 1400 மில்லிமீட்டர்னா, அதுல சுமார் 60 சதவீதம் அக்டோபர்லேர்ந்து டிசம்பருக்குள்ள."

படிவரிசையில் எழுதிய தோழியின் பக்கம் இது:

தெ.மே. ப.கா. (ஜூன்–செப்)
– மே.தொ. மலையில் மோதல், மேற்கே கொட்டும்
– சென்னை = மழைமறைவு ∴ மழை↓
– – ஆனால் மாலை இடிமழை உண்டு
வ.கி. ப.கா. (அக்–டிச)
– நிலம் சீக்கிரம் குளிர், கடல் மெது
– ∴ நிலம் அழு↑, காற்று: நிலம் → கடல்
– – வங்கக் கடல் ஈரம் → நம் கரை → மழை
– சென்னை ~1400 மி.மீ./ஆண்டு; ~60% இதில்

நல்ல குறிப்பு. ஒன்பது வரியில் பேச்சின் எலும்புக்கூடு முழுவதும் வந்துவிட்டது. எது எதற்குக் கீழே வருகிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஆசிரியர் ஒழுங்காகத் தலைப்பு வைத்துப் பேசுகிறவராக இருந்தால் இந்த முறை தானாக அமையும். அவர் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி மறுபடி பழைய இடத்துக்கு வருகிறவராக இருந்தால் திண்டாட்டம்தான். எந்தப் படியில் எழுதுவது என்று யோசிப்பதற்குள் அடுத்தது போய்விடும். அதற்கு ஒரு வழி, ஒவ்வொரு தலைப்புக்குக் கீழேயும் மூன்று வரி விட்டுவைப்பது. திரும்பி வந்தால் அங்கே சேர்த்துவிடலாம்.

என் அண்ணன் மகள் போட்டிருந்தது கார்னெல் முறை. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் என்பவர் 1950களில் வகுத்தது. இடது பக்கம் இரண்டரை அங்குலம் குறுகிய பத்தி, வலது பக்கம் ஆறு அங்குலம் அகலப் பத்தி, அடியில் இரண்டு அங்குலம். வகுப்பில் வலது பத்தியில் மட்டும் எழுத வேண்டும். வகுப்பு முடிந்த பிறகு இடது பத்தியில் அதற்கான கேள்வி, அடியில் இரண்டு மூன்று வாக்கியத்தில் சாரம். நம் ஊர் லாங் சைஸ் நோட்டு அவ்வளவு அகலம் கிடையாது. இடது பக்கம் 5 சென்டிமீட்டர், அடியில் ஐந்து வரி போதும். கோடு போடச் சோம்பலாக இருந்தால் வலப்பக்கத் தாளில் மட்டும் குறிப்பு எழுதி, எதிர்ப்பக்கத்தைக் கேள்விகளுக்கு விட்டுவிடலாம். நோட்டு சீக்கிரம் தீரும். ஆனால் படம் போடத் தாராளமாக இடம் கிடைக்கும். புவியியல் மாதிரி வரைபடம் வரும் பாடத்துக்கு எனக்கு இதுதான் பிடிக்கும்.

இனி வித்தியாசத்துக்கு வருகிறேன். வலது பத்தியில் எழுதுவது கிட்டத்தட்ட அதே ஒன்பது வரிதான். வகுப்பு நடக்கும்போது இரண்டு முறைக்கும் பெரிய வேறுபாடு இல்லை. கார்னெல் முறையின் பலன் முழுக்க இடது பத்தியில் இருக்கிறது, அது நிரம்புவது வகுப்புக்குப் பிறகு. அதை நிரப்பாதவருக்கு அது குறுகலான ஒரு படிவரிசை நோட்டு, அவ்வளவுதான்; தாளில் மூன்றில் ஒரு பங்கும் வீண். அவள் நோட்டு அந்த நிலையில்தான் இருந்தது.

ஆகவே என் முடிவு இது. அன்றைய தினமே பத்துப் பதினைந்து நிமிடம் நிச்சயமாக ஒதுக்க முடிகிறவர் இரண்டு பத்தி முறையை எடுக்கலாம். முடியாதவர் படிவரிசையை எடுக்க வேண்டும், அதுவும் கொஞ்சம் விரிவாக. வகுப்பு முடிந்ததும் கடைக்கோ டெலிவரிக்கோ ஓடி ராத்திரி பத்து மணிக்கு வீடு திரும்பும் பிள்ளைகள் சென்னையில் நிறையப் பேர். அவர்களிடம் போய் அன்றன்றைக்கே திறந்து பார் என்று சொல்வது நியாயமில்லை. அவர்கள் குறிப்பு மூன்று வாரம் கழித்தும் தானாகப் புரிய வேண்டும். அதற்குச் சுருக்கம் குறைவாகவும் 'ஆனால்', 'ஏனென்றால்', 'இதற்கு மாறாக' போன்ற இணைப்புச் சொற்கள் முழுதாகவும் இருக்க வேண்டும். போனில் போர்டைப் படம் எடுப்பது வரைபடத்துக்கு உதவும், பேச்சுக்கு உதவாது. எடுத்த படத்தின் எண்ணை நோட்டில் அந்த இடத்தில் குறித்துவைக்காவிட்டால் கேலரியில் தேடியே அலுத்துவிடும்.

எப்படிச் சுருக்குவது என்பதையும் இதே கேள்விதான் தீர்மானிக்கிறது. அன்றைக்கே பார்க்கிறவர் துணிந்து சுருக்கலாம். ஆனால் தமிழில் சுருக்குவதற்கு ஒரு தனி வழி வேண்டும். ஆங்கிலத்தில் உயிரெழுத்துகளை விட்டுவிட்டு மெய்யை மட்டும் எழுதுவார்கள், படித்தால் புரிந்துவிடும். தமிழில் உயிர் மெய்யோடு ஒட்டியிருக்கிறது, அப்படிப் பிய்க்க முடியாது. மாறாக நம் சொல்லில் பொருள் தலையில் இருக்கிறது, வாலில் விகுதியும் உருபும் நீளமாகத் தொங்குகின்றன. ஆகவே வாலை வெட்டலாம். 'குளிர்ந்துவிடுகிறது' என்பதற்கு 'குளிர்' போதும். 'நிலத்திலிருந்து கடலுக்கு' என்பதில் இரண்டு வேற்றுமை உருபையும் ஓர் அம்புக்குறி வாங்கிக்கொள்கிறது: நிலம் → கடல். கூடுவதற்கு ↑, குறைவதற்கு ↓, ஆகவே என்பதற்கு ∴. இந்த நாலு குறியும் வேர்ச்சொல்லும் இருந்தாலே எழுத்து பாதியாகிவிடும்.

வாலை வெட்டுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. தமிழில் மறுப்பும் வாலில்தான் இருக்கிறது. 'பெய்யும்', 'பெய்யாது' இரண்டையும் வெட்டினால் மிஞ்சுவது 'பெய்' ஒன்றுதான். அதனால் எதிர்மறை வந்தால் ஒரு × போட்டே ஆக வேண்டும், அதுவும் வாக்கியம் முடிந்த கணத்திலேயே. என் அண்ணன் மகளின் நோட்டில் 'தெ.மே. – சென்னை பெய் ×' என்று இருந்தது. ஆசிரியர் எழுதிவிடாதீர்கள் என்று எச்சரித்ததைத்தான் அவள் எழுதியிருக்கிறாள். 'சுத்தமா பெய்யாதுன்னு' வரை காதில் விழுந்திருக்கிறது, கை அங்கேயே × போட்டுவிட்டது, 'எழுதிடாதீங்க' வந்தபோது அடுத்த வரிக்குப் போயிருந்தாள். நம் பேச்சில் முடிவு வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். ஆசிரியர் வாக்கியத்தை முடித்த பிறகே பேனாவைத் தாளில் வைப்பது ஆங்கிலத்தில் குறிப்பு எடுப்பவரைவிட நமக்கு அதிகம் தேவைப்படுகிறது.

முதலெழுத்துச் சுருக்கங்களில் அளவு வேண்டும். அவள் 'வ' என்று மட்டும் எழுதியது ஓரிடத்தில் வடக்கு, ஓரிடத்தில் வங்கக் கடல், இன்னோரிடத்தில் வளிமண்டலம். ஒரு பாடத்துக்கு எட்டுப் பத்துச் சுருக்கம் போதும். அவற்றை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்துவிட்டால் மாறாது. அந்த வகுப்புக்கென்று புதிதாக ஒன்று வேண்டுமானால், முதல் தடவை முழுச் சொல்லையும் எழுதிப் பக்கத்தில் சுருக்கத்தைப் போட வேண்டும். கலைச்சொல்லைப் பரீட்சை எந்த மொழியிலோ அந்த மொழியில் முழுதாக எழுதிவிடுவது நல்லது.

அன்றைக்கே பார்ப்பது என்றால் என்ன செய்வது? பெரும்பாலானோர் செய்வது மேலிருந்து கீழே ஒரு தடவை வாசிப்பது. வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கும், ஏனென்றால் பதில் கண்ணெதிரே இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக்கி இருவரும் 2006இல் வெளியிட்ட சோதனை ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. மாணவர்கள் இரண்டு பகுதிகளைப் படித்தார்கள். பிறகு ஒன்றைத் திரும்பப் படித்தார்கள், மற்றதைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்த பகுதியே முன்னால் நின்றது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அது தலைகீழாக மாறியது: திரும்பப் படித்ததில் 42 சதவீதம், எழுதிப் பார்த்ததில் 56 சதவீதம் நினைவில் இருந்தது. இடது பத்தி இதற்குத்தான் இருக்கிறது. வலது பக்கத்தை மூடிவிட்டு, இடது பக்கக் கேள்விக்கு வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும்.

நேரம் எங்கே கிடைக்கும் என்று இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். ரயிலில் முக்கால் மணி நேரம் இருக்கிறதே என்றாள். சாயங்காலம் எழும்பூரில் ஏறினால் நிற்கவே இடம் இருக்காது, நோட்டைத் திறப்பது எங்கே? உட்கார இடம் கிடைத்தாலும் ஆட்டத்தில் எழுத வராது. அதனால் வேலையை இரண்டாகப் பிரித்தோம். கடைசி வகுப்பு முடிந்ததும் அதே பெஞ்சில் பன்னிரண்டு நிமிடம்: முதலில் விட்டுப்போன சொற்களை வேறு நிற மையில் நிரப்புவது, அப்புறம் பக்கத்துக்கு மூன்று கேள்வி இடது பத்தியில் எழுதுவது. ரயிலில் நோட்டைத் திறக்காமலே அந்த மூன்று கேள்விக்கும் மனசுக்குள் பதில் சொல்லிப் பார்ப்பது. தடுக்குகிற இடத்தை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு ஐந்து வகுப்பு என்றால் எல்லாவற்றுக்கும் இது முடியாது. கஷ்டமான இரண்டு பாடத்துக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டோம், மற்றவை படிவரிசையில்.

அன்றைக்கே, என் வீட்டுக் கூடத்தில், அந்தப் பருவமழைப் பக்கத்தை எடுத்துவைத்துச் செய்து பார்த்தாள். முதல் கேள்வி, 'தெ.மே. காலத்தில் சென்னைக்கு ஏன் மழை குறைவு?' பதில் சொல்லும்போதே அந்த × தப்பு என்று அவளுக்கே பட்டது. ஜூலையில் சாயங்காலம் இடி இடித்து மழை கொட்டுவதைத் தாம்பரத்தில் பார்த்துதானே வளர்ந்தாள். அடித்துவிட்டு 'குறைவு, மாலை இடிமழை உண்டு' என்று திருத்தினாள். இரண்டாவது, 'காற்று ஏன் திசை மாறுகிறது?' நிலம், கடல், குளிர்தல், அழுத்தம் என்று வரிசையாகச் சொல்லிவிட்டாள். மூன்றாவது கேள்வியை எழுதும்போதே கை நின்றுவிட்டது.

"அத்தை, காத்து நிலத்துலேர்ந்து கடலுக்குப் போவுதுன்னா நம்மகிட்டேர்ந்துதானே கடலுக்குப் போவணும்? அப்புறம் எப்படி கடல்லேர்ந்து நம்ம கரைக்கு மழையைக் கொண்டு வருது?"

மூன்று நோட்டிலும் அந்த இரண்டு வரியும் அடுத்தடுத்து இருக்கின்றன. மூவரும் சரியாகவே எழுதியிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றோடொன்று முட்டுவது யார் கண்ணிலும் படவில்லை. பார்க்காமல் சொல்ல முயன்றபோதுதான் தட்டுப்பட்டது. கேள்வியை அப்படியே இடது பத்தியில் எழுதி வட்டம் போட்டாள்.

மறுநாள் வகுப்பு தொடங்கும் முன்னால் ஆசிரியரிடம் கேட்டிருக்கிறாள். அவர் போர்டில் வரைபடம் போட்டுக் காட்டினாராம். 'நிலம்' என்று சொன்னது தமிழ்நாட்டை அல்ல, வடக்கே இருக்கும் பெரிய நிலப்பரப்பை. அங்கிருந்து தெற்கே கிளம்பும் காற்று, பூமி சுழல்வதால் வலது பக்கமாகத் திரும்பி, வடகிழக்கிலிருந்து தென்மேற்காக வங்கக் கடலைக் குறுக்கே கடக்கிறது. அதன் வழியில் எதிரே நிற்பது நம் கரை. சாயங்காலம் போனில் கூப்பிட்டு இதைச் சொன்னாள். வலது பத்தியில் 'நிலம் → கடல்' என்றிருந்த இடத்தில் இப்போது 'வட நிலப்பரப்பு → வங்கக் கடல் → நம் கரை' என்று பச்சை மையில் எழுதி, எதிர்ப்பக்கத்தில் அந்தப் படத்தையும் போட்டு வைத்திருக்கிறாள்.